வேனக்கா கேட்ட கணக்குத் தாள்

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் யாரும் மிச்சம் இல்லை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட வேனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏழு பேர் உட்காரும் ஒரு வெள்ளை வேனை அவளே ஓட்டினாள், அவளே கழுவினாள், டயர் பஞ்சரானால் அவளே ஜாக்கி போட்டுத் தூக்கினாள். பெண்பிள்ளை வேன் ஓட்டுகிறாளே என்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டு மாதத்தில் அலுத்துப் போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வேன் வந்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நாளுக்கு நாலு மணி நேரம். ஆட்டோவுக்குக் கொடுத்தே ஆண்டியாகிவிடுவோம் என்று கணக்குப் போட்டு, பட்டறையிலிருந்து வந்த கடைசிப் பணத்தையும் கடனையும் சேர்த்து அவள் இந்த வேனை வாங்கினாள். வாங்கிய மூன்றாம் வாரமே பக்கத்துக் கட்டில் தையல்காரர், "நானும் அந்தப் பக்கம்தாம்மா, ஏறிக்கட்டுமா? காசு குடுத்துடறேன்" என்றார். அப்படியே இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு நூற்றைம்பது. அது டீசலுக்குப் போக வீட்டுக்காரரின் ஊசிக்கும் ஆயிற்று. எல்லாரையும் பிழைக்க வைக்கிற ஏற்பாடு ஒன்று தானாக அமைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தானாக அமைகிறது எதுவும் சட்டப்படி அமைவதில்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது?

ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரி வளாகத்தில், நிறுத்தி வைத்திருந்த வேன் மேல் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து இடித்தது. இடித்தது என்பது மரியாதையான வார்த்தை. தள்ளு கதவு, பக்கத் தகடு, பின் பம்பர், விளக்கு, பின் கண்ணாடி எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு, லாரிக்காரன் லாரியோடு ஓடியே போனான். டீ குடித்துக்கொண்டிருந்த வேனக்கா டம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட் வரை துரத்தினாள். நம்பர் பலகை முழுக்கச் சேறு.

வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஒரு வருஷம்கூடத் தவறாமல் கட்டியிருந்தாள். ஆகவே அவள் அழவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள், கம்பெனிக்குத் தகவல் சொன்னாள், வேனை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து படம் எடுத்தார். "வண்டி ஏன் அங்க நின்னுச்சு?" என்று கேட்டார். "வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ்ங்க" என்றாள். அது உண்மை. அவர் அதை எழுதிக்கொண்டார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்து தலையணை, ஐந்து போர்வை, ஐந்து தண்ணீர் பாட்டில். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள் இப்படித்தான் இருப்பார்கள். நாம் அடையாளம் கண்டுகொள்ளாதபடி.

கதவு வர இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதமும் ஐந்து பேரும் பஸ்ஸில் போனார்கள். டயாலிசிஸ் முடிந்து வருகிற ஆள் பிழிந்து உதறிய துணி மாதிரி இருப்பான். அவனை நின்றுகொண்டு வரச் சொல்வது பாவம். வேனக்கா வீட்டுக்காரர் ஒருமுறை பஸ்ஸிலேயே சரிந்தார். கூட்டத்தில் யாரோ, "காலையிலேயே ஏத்திட்டான் போல" என்று சொன்னதை அவள் கேட்டாள். சொன்னவன் முகத்தை இன்று வரை மறக்கவில்லை.

வேலை முடிந்து ஒர்க்‌ஷாப் பில் வந்தது. ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். கம்பெனி கடிதமும் வந்தது. தேய்மானம் எழுபத்திரண்டாயிரம், பாலிசிதாரர் பங்கும் பழைய சாமான் விலையும் ஐயாயிரம், ஆக மொத்தம் எழுபத்தேழாயிரம் கழித்து ஒரு லட்சத்து ஐயாயிரம் தருகிறோம்; முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன் என்று இணைப்பிலுள்ள சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். அவ்வளவுதான். எதில் எவ்வளவு தேய்ந்தது என்று ஒரு வரி இல்லை.

அவளிடம் இருந்தது ஐம்பதாயிரம். கழுத்துச் சங்கிலி போன காசு. அதற்கு மேல் ஒரு பைசா புரட்ட வழியில்லை. கடன் கொடுக்கக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கொடுத்தவர்கள். ஒர்க்‌ஷாப் முதலாளியோ முழுப் பணத்தையும் எண்ணி வைக்காமல் சாவியைத் தருகிற ஜாதி இல்லை. இருபத்தேழாயிரம் துண்டு விழுந்தது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு கணக்குக்காரர் இருந்தார். எந்நேரமும் பல்வலி, எந்நேரமும் ஒரு கிராம்பு வாயில். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுபத்திரண்டு ரொம்ப அதிகம்க்கா. நாலே முக்கால் வருஷ வண்டிக்கு இவ்ளோ வராது. கணக்குத் தாளைக் கேளுங்க."

"கேட்டா குடுப்பாங்களா?"

"குடுத்துத்தான் ஆகணும். எந்தச் சாமானுக்கு எத்தனை சதவீதம் கழிச்சாங்கன்னு பார்ட் பார்ட்டா ஒரு தாள் இருக்கும். அது இல்லாம இந்தத் தொகை எப்படி வரும்? ஆகாசத்துலேருந்தா?"

அவரே மூன்று வரி தட்டித் தந்தார். கிளெய்ம் எண் இது, சர்வே அறிக்கையின் நகலும் தேய்மானக் கணக்குத் தாளும் தேவை, அதுவரை சீட்டில் கையெழுத்திட இயலாது. வணக்கம்கூட இல்லாத கடிதம். வேனக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னங்க, சண்டைக்குப் போற மாதிரி இருக்கே" என்றாள். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். முத்திரை இல்லாத தாள் தாளே இல்லை என்று அவள் வீட்டுக்காரரின் மருத்துவச் செலவு விவகாரங்களில் அடிபட்டுக் கற்றிருந்தாள்.

எட்டாம் நாள் தாள் வந்தது. அந்த வறட்டுக் கடிதத்துக்குத்தான் வந்தது.

கணக்குக்காரர் பாலிசிப் புத்தகத்தைத் திறந்து, தேய்மான அட்டவணை இருந்த பக்கத்தில் ஸ்கேலை வைத்தார். ஒவ்வொரு வரியாக இறங்கினார். இறங்க இறங்க அவருக்குப் பல்வலி மறந்துபோயிற்று.

"பாருங்க. கதவு, தகடு எல்லாம் இரும்புச் சாமான். எண்பதாயிரம். நாப்பது சதவீதம் கழிச்சிருக்கான். நாப்பது எப்போ? அஞ்சு வருஷம் தாண்டினா. உங்க வண்டி இடிபட்ட அன்னிக்கி நாலு வருஷம் பத்து மாசம். அதுக்கு முப்பத்தஞ்சுதான்."

"அப்புறம் ஏன் நாப்பது?"

"பில் போட்ட தேதியை வெச்சு வயசு பாத்திருக்கான். கதவு லேட்டா வந்தது நம்ம தப்பா? இடிபட்ட தேதிதான் கணக்கு. சரி, பம்பர், விளக்கு, பிளாஸ்டிக். பாதி கழிச்சது கரெக்ட், அதுல வாய் திறக்காதீங்க. கண்ணாடி பதினாறாயிரம். அதையும் பிளாஸ்டிக்கோட சேத்துப் பாதியாக்கிட்டான். கண்ணாடிக்குத் தேய்மானமே கெடையாது, இங்க அச்சடிச்சிருக்கான் பாருங்க. கடைசியா பெயின்ட். நாப்பதாயிரத்துல நேர் பாதி. பெயின்ட் சாமானுக்கு மட்டும்தான் பாதி. மொத்தத்துல நாலுல ஒரு பங்குதான் சாமான், பத்தாயிரம்; மிச்சம் கூலி. அதுல பாதி ஐயாயிரம். அடிச்சவன் கூலி என்ன, தேயவா செய்யும்?"

கூட்டிப் பார்த்தார்கள். கழித்திருக்க வேண்டியது நாற்பத்தைந்தாயிரம். கழித்தது எழுபத்திரண்டு. வித்தியாசம் மிகச் சரியாக இருபத்தேழாயிரம். துண்டு விழுந்த அதே தொகை. கடவுள் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர் என்று வேனக்கா அன்று நம்பினாள். நம்பிவிட்டாளே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

மேல்முறையீட்டுக் கடிதத்தைக் கணக்குக்காரர் அன்றே தட்டினார். மூன்று பிழை, மூன்று பத்தி. இதிலும் வணக்கம் இல்லை. வீட்டில் அதை வாசித்துக் காட்டினாள். கட்டிலில் படுத்திருந்த வீட்டுக்காரர், "நல்லா இருக்கு, குடுத்துடு" என்றார்.

"என்னங்க நல்லா இருக்கு? நம்ம கஷ்டம் ஒரு வார்த்தை இருக்கா இதுல? படிக்கிறவனுக்கு மனசு எறங்க வேணாமா?"

"கணக்குல தப்புன்னா திருத்தப் போறான். மனசு எதுக்கு?"

"அப்படியே உலகம் தெரிஞ்சவர்! எந்த ஆபீசுல கணக்கைப் பார்த்துக் குடுத்தான், சொல்லுங்க. உங்க பென்ஷன் பேப்பருக்கு நான் அழுதப்புறம்தானே நகந்துச்சு?"

அதுவும் உண்மைதான். அவள் அறிந்த அலுவலகங்களில் நியாயம் நகர்ந்ததில்லை; கண்ணீர் நகர்த்தியிருந்தது. கஷ்டம் சொல்லாத மனு உப்பில்லாத பண்டம் என்பது அவள் கட்சி. கடிதத்தின் அடியில் கால் பக்கம் வெற்றாக இருந்தது. பேனாவை எடுத்து, தன் கையெழுத்தில், ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினாள்.

"ஐயா, இந்த வண்டிதான் எங்கள் சோறு. நான் நாலு வருடமாக சிறுநீரக நோயாளிகளை ஆளுக்கு நூற்றைம்பது வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வருகிறேன். இடிபட்ட அன்றும் அவர்களுக்காகத்தான் வண்டி அங்கே நின்றது. இந்த வருமானம் இல்லாவிட்டால் என் கணவருக்கு ஊசி இல்லை. தயவுசெய்து இரக்கம் காட்டுங்கள்."

ஒரு பொய் இல்லை அதில். அதுதான் கொடுமை. தேய்மான அட்டவணை இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், இந்த வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே ஓட்டலாம், கூலிக்கோ வாடகைக்கோ ஆள் ஏற்றினால் இந்தப் பாலிசி செல்லாது என்று அச்சடித்திருந்தது. அட்டவணையைப் பார்க்க அத்தனை முறை புத்தகத்தைத் திறந்தார்கள். எதிர்ப்பக்கத்தின் மேல் கணக்குக்காரர் கிராம்பு டப்பாவை வைத்திருந்தார். கைப்பட எழுதியதை அவரிடம் காட்டவும் இல்லை. வேனக்கா நேரே போனாள், கொடுத்தாள், கைப்பட எழுதிய இடத்திலும் முத்திரை வேண்டும் என்று அடம்பிடித்தாள். கவுன்ட்டர் பையன் சலித்துக்கொண்டே குத்தினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது முத்திரை கேட்காது.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பழுப்புச் சட்டைக்காரர் ஒருவர் டயாலிசிஸ் வார்டுக்குள் வந்தார். கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரர். கட்டில் கட்டிலாக நலம் விசாரித்தார். வேனக்கா அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது தையல்காரர் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"உன்னைப் பத்தி விசாரிக்க வந்தாங்கம்மா. அடிச்சு விட்டுட்டேன் பாரு."

"என்னண்ணே சொன்னீங்க?"

"உங்களுக்கு வேனம்மா சொந்தமான்னு கேட்டான். சொந்தம்னு சொன்னா ஓசியில வர்றவன்னு நெனைப்பான்ல? நான் யாரு! முப்பது வருஷம் மெஷின் மிதிச்சவன். ஒரு நாள்கூட பாக்கி வெச்சதில்ல, ஆளுக்கு நூத்தம்பது கையில குடுத்துட்டுத்தான் ஏறுவோம்னு சொன்னேன். எழுதி நீட்டினான், கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். அந்தம்மா தங்கம், ஒத்த ரூபா அதிகம் கேட்டதில்லன்னு அதையும் சேத்து எழுதச் சொன்னேன்."

வேனக்காவுக்கு எங்கேயோ ஏதோ இடறியது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. "நல்லதுண்ணே" என்றாள்.

பதில் வந்தது. ஒர்க்‌ஷாப்புக்கே எடுத்துக்கொண்டு ஓடினாள். கணக்குக்காரர் முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். தேய்மானம் குறித்துத் தாங்கள் சுட்டிக்காட்டிய மூன்று பிழைகளும் சரியே. திருத்திய கணக்கின்படி தொகை ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் என வருகிறது. புதிய கணக்குத் தாள் இணைக்கப்பட்டுள்ளது. வேனக்கா கைதட்டினாள். வெல்டிங் பட்டறைக்காரன் பொண்டாட்டியா கொக்கா என்றாள். கணக்குக்காரர் இரண்டாம் பத்தியைச் சத்தமாகப் படிக்கவில்லை. கிராம்பைத் துப்பினார்.

"அக்கா, நீங்க கைப்பட ஏதாவது எழுதினீங்களா?"

மறுநாள் கிளெய்ம் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா மிக அழகாகப் பேசினாள். மகள் வயதுதான் இருக்கும்.

"கணக்கு நீங்க சொன்னதுதான் கரெக்ட் மேடம். எங்க தப்புதான். அதை ஒத்துக்கிட்டோமே."

"அப்போ குடுக்க வேண்டியதுதானே?"

"வண்டி சொந்த உபயோகத்துக்குன்னு பதிவானது. பாலிசியும் அதுக்குத்தான். நீங்க காசு வாங்கி ஆள் ஏத்தினீங்க. விபத்து நடந்தப்பவும் அதுக்காகத்தான் நின்னுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கிளெய்மே செல்லாது."

"என் வீட்டுக்காரரும் அதுலதானே வந்தாரு?"

"மத்த நாலு பேரும் வந்தாங்களே மேடம்."

"அந்தக் கடுதாசியை வாபஸ் வாங்கிக்கறேன். பழைய ஒரு லட்சத்து ஐயாயிரமே போதும். சீட்டைக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அதிகாரியம்மா கோப்பைத் திருப்பிக் காட்டினாள். முத்திரை பளிச்சென்று இருந்தது. "பதிவாயிடுச்சு மேடம். அந்த சர்வேயரையே விளக்கம் கேட்டிருக்கோம், அவர் ஏன் இதை எழுதலைன்னு. அவரை எங்க சர்வேயர் குழுவிலேருந்து எடுத்துடுவாங்கன்னு நெனைக்கறேன். நீங்க மேல குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், அது உங்க உரிமை. கொஞ்சமாவது கிடைச்சாலும் கிடைக்கும். ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும்."

வேனக்கா கண்ணாடித் தடுப்பின் மேல், முத்திரை தெரிந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு, "நான் அந்த வரியை எழுதலைன்னா?" என்று கேட்டாள்.

"திருத்தின பணம் இந்நேரம் உங்க அக்கவுன்ட்ல இருந்திருக்கும்" என்றாள் அந்தப் பெண், ஒளிக்காமல். அவளுக்கு அது இரக்கமாகப் பட்டிருக்க வேண்டும்.

குறைதீர்ப்பாளருக்கு எழுதிப் போட்டாள், வறட்டுக் கடிதமாகவே. ஆனால் எட்டு மாதம் யார் காத்திருப்பது? முதலாளி வண்டி நிற்கும் இடத்துக்கு நாள் வாடகை போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போய்வந்த நாலு பேரில் பேப்பர் கடைக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனவள், வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து அப்படியே திரும்பி வந்தாள். தான் எழுதிய அந்தக் கால் பக்கம்தான் அவரைக் கொன்றது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

கடைசியில் முதலாளியே ஒரு வழி சொன்னார். வேனை அவர் எடுத்துக்கொள்வார். பில்லுக்கும் வாடகைக்கும் கழித்து, மேலே நாற்பதாயிரம் கையில் தருவார். அந்த விலை எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. கணக்குக்காரர் வாயைத் திறக்கப் போனவர், முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பிடித்துக்கொண்டார். வேனக்கா கையெழுத்துப் போட்டாள். நாற்பதாயிரமும் வேன் வாங்கிய கடனில் போய் அடங்கிற்று.

முதலாளி கெட்டிக்காரர். ஒரே மாதத்தில் வேனை வாடகை வண்டியாக மாற்றிப் பதிந்தார், பர்மிட் வாங்கினார், அதற்கேற்ற பாலிசி எடுத்தார். இதற்கெல்லாம் இவ்வளவுதான் ஆகும் என்று வேனக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஆள் அனுப்பினார். "பேஷன்ட்டுங்க உனக்குத்தான் பழக்கம். நீயே ஓட்டு. நாள் கூலி தரேன். ஆளுக்கு இருநூறு, ஏறும்போதே வாங்கிடணும், ரசீது கிழிச்சுக் குடுத்துடணும். எல்லாம் சட்டப்படி இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை. பக்கவாட்டில் பெயின்ட் இன்னும் புதிதாக மின்னியது. தையல்காரர் ஏறி, ஒன்றும் நடக்காதது போல இருநூறை எண்ணிக் கொடுத்து ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் கொடுத்தார்கள். பேப்பர் கடைக்காரர் இடத்தில் புதிதாக ஒரு பையன், அவனும் கொடுத்தான். வேனக்கா வீட்டுக்காரர் வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"என்ன?" என்றார்.

"உங்களது."

"எனக்குமா?"

"தலை எண்ணி சாயங்காலம் முதலாளி கணக்குப் பாப்பாருங்க. அஞ்சு தலை, அஞ்சு ரசீது."

அவரிடம் ஏது காசு? அவள்தான் தன் பர்ஸிலிருந்து இருநூறை எடுத்தாள். அன்றைய கூலியில் பாதி அது. முதலாளி கொடுத்திருந்த வசூல் பைக்குள் போட்டுவிட்டு, ஐந்தாவது ரசீதைக் கிழித்து அவர் மடியில் வைத்தாள். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள்.